தம்பியின் செய்தியும் தமிழ்ச் சொல்லும்: யார் எவ்வளவு தருவது?



வயதான தாய் தந்தையரைப் பராமரிக்கும் செலவைப் பிள்ளைகள் பகிர்ந்துகொள்வது பற்றி ஒரு பிள்ளை மலாய் மொழியில் செய்தி அனுப்புகிறான். அதைத் தமிழில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு வீட்டிலுள்ள ஒருவருக்கு வந்து சேர்கிறது. அந்தச் செய்தியை எப்படிச் சொன்னால் யார் எவ்வளவு கொடுப்பது என்பது ஐயமின்றி விளங்கும்? இன்றைய பேச்சில் இதைத்தான் பார்க்கப்போகிறோம்.

முன்பு தோட்டத்தில் ஒரு கடிதம் வந்தால், கிராணியாரோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ படித்துச் சொல்லுவார். இன்று அந்த வேலையைப் பேரப்பிள்ளைகள் செய்கிறார்கள். காரணம் எளியது. சுங்கை சிப்புட், கோலக்கங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பிறந்த ஒரே குடும்பத்தில், மூத்த பிள்ளை ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போயிருப்பார். கடைக்குட்டி இடைநிலைப் பள்ளியில் மலாயில் படித்து, வெளியூரில் வேலை பார்ப்பான். அவனுக்குப் பேசத் தமிழ் வரும். ஆனால் எழுதும்போது கை தானாக மலாய்க்குப் போய்விடும். தோட்டத்தில் செம்பனை வந்தது. பிறகு பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகள் ஆயின. குடும்பம் நான்கு ஊர்களில் சிதறியது. பெற்றோர் பற்றிய பேச்சு தொலைபேசிச் செய்தியிலேயே நடக்கிறது.

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். தந்தைக்கு எழுபத்தைந்து வயது. பால் மரம் வெட்டி ஓய்ந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்துவிட்டது. தாயாருக்கு முழங்கால் வலி. இருவரும் சுங்கை சிப்புட்டில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். மூத்த மகன் அதே ஊரில் லாரி ஓட்டுகிறார். இளைய மகன் ஜொகூர் பாருவில் வேலை செய்கிறான். மகளின் பெண், படிவம் நான்கு படிக்கிற பிள்ளை, மொழிபெயர்ப்பாளர்.

முதலில் செலவைப் பார்த்துவிடுவோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்கள் கட்டுவது 1 ரிங்கிட், 5 ரிங்கிட் என்ற அளவில்தான். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும். பணம் போவது ஆஸ்பத்திரிக்கு வெளியே. நம் குடும்பத்தில் பெரியவர்களுக்கான டயப்பர், பால்மாவு இரண்டுக்கும் மாதம் 280 ரிங்கிட். உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு மாதம் இரு முறை ஈப்போ போய்வரக் கார் வாடகை 120. மகள் வேலைக்குப் போகும் நேரத்தில் தந்தையைக் குளிப்பாட்டி, திருப்பிப் படுக்க வைக்க வரும் அம்மாளுக்குச் சம்பளம் 600. மொத்தம் 1,000 ரிங்கிட்.

இப்போது இளைய மகன் குடும்பக் குழுவுக்கு எழுதுகிறான். அவன் மலாய்ச் சொற்களை நாம் தமிழ் எழுத்தில் தருகிறோம்:

"லம்பின், சூசு சாயா பெலாஞ்சா. தம்பாங் கெரேத்தா சாயா பாயார் டூலு. ஊப்பா ஓராங் ஜாகா கீத்தா கொங்சி, 150 செயோராங். பாக்கி அபாங் தாங்கோங்."

படித்ததும் பேத்தி பாட்டியிடம் சொல்கிறாள்: "டயப்பர், பால் செலவு மாமாவுடையது. கார்க் காசை மாமா முதலில் கட்டுவார். ஆள் சம்பளத்தை நாம் பங்கு போடுவோம், ஆளுக்கு நூற்றைம்பது. பாக்கியைப் பெரிய மாமா பார்த்துக்கொள்வார்." கேட்க ஒன்றும் தவறாகத் தோன்றவில்லை. ஆனால் அன்று இரவே மூத்த மகன் வீட்டில் சண்டை. "அப்பாவை இனி நான்தான் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டுமாம், பழைய கடனையும் நான்தான் அடைக்க வேண்டுமாம்" என்று அவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிள்ளை பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஐந்து இடங்களில் பொருள் வழுக்கிவிட்டது. ஒவ்வோர் இடமாகப் பார்ப்போம்.

முதல் இடம், "தாங்கோங்". ஒரு செலவையோ பொறுப்பையோ தாங்குவது என்று இதற்குப் பொருள். அருகில் இருந்து கவனிப்பதற்கு மலாயில் "ஜாகா" என்று வேறு சொல் இருக்கிறது. நம் பேச்சுத் தமிழில் இரண்டுக்கும் சேர்த்து "பார்த்துக்கொள்" என்று சொல்லிவிடுகிறோம். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் பணம் கொடுப்பேன் என்றும் பொருள். படுக்கை மாற்றி மலம் துடைப்பேன் என்றும் பொருள். பேத்தி சொன்ன "பார்த்துக்கொள்வார்" மூத்தவர் காதில் இரண்டாவது பொருளாக விழுந்தது. ஆகவே பணப் பேச்சில் இந்தச் சொல்லைத் தொடவே வேண்டாம். "அந்தச் செலவை அண்ணன் ஏற்பார்" என்று செலவு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது இடம், "பாக்கி". இது நமக்கும் தெரிந்த சொல்தான். அரபு மொழியில் "எஞ்சியது" என்று பொருள்படும் ஒரே சொல், மலாய்க்கும் வந்தது, தமிழுக்கும் வந்தது. ஆனால் வந்த இடத்தில் அதன் நடை மாறிவிட்டது. மலாயில் கழித்தது போக மீதி நிற்பது "பாக்கி". தமிழில் "கடைக்காரனுக்குப் பாக்கி" என்றால், கொடுக்காமல் நிற்கும் கடன். தம்பி நினைத்தது, 600 ரிங்கிட்டில் பங்குகள் போக எஞ்சிய தொகையை. அண்ணன் கேட்டது, சக்கர நாற்காலி வாங்கியபோது நின்றுபோன பழைய கடனை. இரு மொழியிலும் ஒரே ஒலியுள்ள சொல் வரும்போதுதான் மொழிபெயர்ப்பவர் ஒரு கணம் நிற்க வேண்டும். அதை "மீதித் தொகை" என்று சொல்லிவிட்டால் குழப்பம் போயிற்று. கூடவே எதிலிருந்து மீதி என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது இடம், "கீத்தா". இது கித்தா மரத்துக் கித்தா அல்ல. "நாம்" என்பதற்கான மலாய்ச் சொல். மலாய்க்கும் தமிழுக்கும் இங்கே நல்ல பொருத்தம் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது நமக்கு "நாம்", அவர்களுக்குக் "கீத்தா". கேட்பவரைச் சேர்க்காதது நமக்கு "நாங்கள்", அவர்களுக்குக் "காமி". ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆகவே ஆங்கிலத்தில் செய்தி வந்தால் இங்கே கேட்டே ஆக வேண்டும். மலாயில் வந்தால் பாதி வேலை குறைவு. ஆனாலும் முழுதும் தீர்ந்துவிடாது. பேச்சு மலாயில் "கீத்தா" என்ற சொல்லைச் சிலர் தளர்வாகப் பயன்படுத்துகிறார்கள். இங்கே அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. "கீத்தா" யார் யார்? செய்தி குடும்பக் குழுவுக்கு வந்தது. மூன்று பிள்ளைகளுமா? அல்லது வீட்டில் வைத்துப் பராமரிக்கிற அக்காவை விட்டுவிட்டு அண்ணனும் தம்பியும் மட்டுமா? வெறும் "நாம்" என்று மாற்றிப் போட்டால், சொல் சரியாக இருக்கும். கணக்கு திறந்தே கிடக்கும்.

நான்காவது இடம், "டூலு". "பாயார் டூலு" என்றால் "முதலில் கட்டிவிடுகிறேன்". இந்த "முதலில்" இரண்டு விதமாக வரும். முன்பணமாக நான் கட்டுகிறேன், பிறகு எல்லாரும் எனக்குத் திருப்பித் தாருங்கள் என்பது ஒன்று. இப்போதைக்கு நான் கட்டுகிறேன், பிறகு பார்க்கலாம் என்பது மற்றொன்று. எதிரே "பெலாஞ்சா" என்ற சொல்லைப் பாருங்கள். "சாயா பெலாஞ்சா" என்று மலேசியாவில் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் சொன்னால், திருப்பிக் கேட்காத செலவு அது. அவரே முழுமனதோடு தருகிறார். ஆகவே டயப்பருக்கு ஒரு சொல்லும் காருக்கு வேறொரு சொல்லும் அவன் போட்டிருப்பது வீணாக இருக்காது. பேத்தி இரண்டையும் "மாமா செலவு" என்ற ஒரே பாத்திரத்தில் ஊற்றினால் அந்த வேறுபாடு கரைந்துவிடும்.

ஐந்தாவது இடம், "அபாங்". மலாயில் அண்ணனையும் அப்படி அழைக்கலாம். அக்காளின் கணவரையும் அப்படி அழைக்கலாம். தமிழில் அண்ணன் வேறு, அத்தான் வேறு. இந்தக் குடும்பத்தில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். பேத்தி தன் இடத்திலிருந்து பார்த்துப் "பெரிய மாமா" என்று எடுத்துக்கொண்டாள். சரியாக இருக்கக்கூடும். ஆனால் அது அவளுடைய ஊகம். செய்தியில் இருப்பது அன்று. மொழிபெயர்ப்பில் உறவுப் பெயர் வரும்போது, யாருக்கு யார் என்று ஒரு முறை உறுதிசெய்துகொள்ள வேண்டும். "அண்ணன்" என்று சொன்னால்கூட, பேசுகிறவனுக்கு அண்ணனா, கேட்கிறவருக்கு அண்ணனா என்ற கேள்வி எழும். பணப் பேச்சில் உறவுப் பெயரோடு ஆளின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

"செயோராங்" என்ற சொல் மட்டும் சிக்கலில்லாதது. "ஆளுக்கு" என்பதே அதன் நேர்ப்பொருள். ஆனால் எத்தனை ஆள் என்பது தெரியாதவரை ஆளுக்கு 150 என்பது எவ்வளவு பணம் என்று சொல்ல முடியாது. இதைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம்.

அக்காவும் சேர்ந்தால் மூன்று பேர். மூன்று பேருக்கு 450. சம்பளம் 600 என்பதால் மீதி 150. மீதியை அண்ணன் ஏற்றால் அவர் தருவது 300. அக்கா 150. தம்பி 150-ஓடு டயப்பர், பால் 280, கார் 120 சேர்ந்து 550. மூன்றையும் கூட்டினால் 1,000. கணக்கு நேர்.

அக்காவை விட்டுவிட்டால் இரண்டு பேர். இரண்டு பேருக்கு 300. மீதியும் 300. அண்ணன் தருவது 450 ஆகிவிடும். அக்கா ஒன்றும் தர வேண்டியதில்லை. தம்பிக்கு அதே 550. இதுவும் 1,000. இதுவும் நேர்.

காருக்குக் கட்டிய 120 திருப்பித் தர வேண்டியது என்றால், மூவருக்கும் ஆளுக்கு 40. முதல் கணக்கின்படி அண்ணனுக்கு 340, அக்காவுக்கு 190, தம்பிக்கு 470. அதுவும் 1,000.

பார்த்தீர்களா, ஒரே செய்தியில் மூன்று கணக்கு இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் மூன்றும் சரியாக வருகின்றன. அதனால்தான் "கூட்டினால் சரியாக இருக்கிறதே" என்று எண்ணி ஏமாறக்கூடாது. கூட்டுத்தொகை தவறினால் மொழிபெயர்ப்பு தவறு என்று சொல்லலாம்; கூட்டுத்தொகை சரியென்றால் மொழிபெயர்ப்பு சரி என்று சொல்ல முடியாது. லாரி ஓட்டுகிறவருக்கு 300-க்கும் 450-க்கும் உள்ள வேறுபாடு, ஒரு மாத அரிசியும் எண்ணெயும் ஆகும்.

இப்போது மொழிபெயர்ப்பவர் செய்ய வேண்டியது என்ன? மூன்றில் நியாயமாகத் தோன்றும் ஒன்றைத் தானே தேர்ந்தெடுப்பது அவர் வேலையல்ல. அக்காளின் மகளாக இருந்தால் "அம்மா தர வேண்டாம்" என்ற கணக்கு அவளுக்கு இயல்பாகவே நியாயமாகப் படும்! ஆகவே முதலில், உள்ளது உள்ளபடி, ஐயத்தை ஐயமாகவே சொல்லிவிட வேண்டும்: "ஆள் சம்பளத்தை நாம் பங்கிடுவோம் என்கிறார், அம்மாவைச் சேர்த்தா இல்லையா என்று எழுதவில்லை." இப்படிச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. எழுதாததை எழுதியதாகச் சொன்னால்தான் பின்னால் தலைவலி.

அடுத்து, எழுதியவனிடமே திரும்பிக் கேட்க வேண்டும். அவன் மொழியிலேயே, ஒரு வரிக்கு ஒரு கேள்வியாகக் கேட்டால் பதில் சுருக்கமாக வரும். "காக்கா மாசோக் செக்காலிக்கா?" என்றால் அக்காவும் சேர்கிறாரா என்று பொருள். "தம்பாங் இத்து பெர்லு பாயார் பாலேக்?" என்றால் அந்தக் கார்க் காசைத் திருப்பித் தர வேண்டுமா என்று பொருள். "பாக்கி டாரிப்பாடா அப்பா?" என்றால் எதிலிருந்து மீதி என்று பொருள். "அபாங் யாங் மானா?" என்றால் எந்த அபாங் என்று பொருள். நான்கு கேள்வி, நான்கு பதில்.

தம்பி பதில் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அக்கா பணம் தர வேண்டாம், அவள் உழைப்பே பங்கு. கார்க் காசு திருப்பித் தர வேண்டியதில்லை. மீதி என்றது ஆள் சம்பளத்தின் மீதி. அபாங் என்றது அண்ணன். இது நாம் போட்ட இரண்டாவது கணக்கு. அண்ணனுக்கு 450. தொகை கூடுதல் என்று அண்ணன் நினைத்தால், இப்போது அவர் அதைத் தம்பியிடமே நேராகப் பேசலாம். "எனக்கு 450 முடியாது, 350 தருகிறேன்" என்பது ஒரு தெளிவான பேச்சு. அப்பாவை யார் வீட்டில் வைப்பது என்ற பேச்சோடு அது கலக்காது.

அதன் பிறகு தமிழில் எழுதும் குறிப்பு இப்படி இருக்கலாம். செலவை வைத்து எழுதாமல் ஆளை வைத்து எழுதுங்கள். ஒவ்வொருவரும் தம் பெயருக்கு எதிரே உள்ளதைத்தான் தேடுவார்கள்.

தம்பி: டயப்பர், பால் 280, கார் 120, ஆள் சம்பளத்தில் 150. ஆக 550 ரிங்கிட். இதில் எதையும் யாரும் திருப்பித் தர வேண்டியதில்லை.

அண்ணன்: ஆள் சம்பளத்தில் தம் பங்கு 150, அதே சம்பளத்தின் மீதி 300. ஆக 450 ரிங்கிட்.

அக்கா: பணம் இல்லை. பராமரிப்பு அவருடையது.

தொடங்குவது எந்த மாதம், பணம் எந்தத் தேதிக்குள், யார் கையில் என்ற மூன்றையும் கீழே எழுதுங்கள். இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. நம் பக்கத்தில் ரிங்கிட்டை "வெள்ளி" என்று சொல்லும் பழக்கம் உண்டு, வெள்ளிக்கிழமையும் வெள்ளிதான். "பத்து வெள்ளிக்குள்" என்று எழுதி யாரையும் திகைக்க வைக்காதீர்கள். குறிப்பில் பணத்துக்கு ரிங்கிட் என்றும், நாளுக்குத் தேதி எண்ணும் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. "மீதியை அண்ணன் ஏற்பார்" என்ற வாக்கியத்துக்கு எல்லை கிடையாது. வேலைக்கு வரும் அம்மாள் அடுத்த ஆண்டு 700 கேட்டால், அந்த 100-உம் சொல்லின்படி அண்ணன் தலையில்தான் விழும். தம்பி அதை எண்ணி எழுதியிருக்க மாட்டான். ஆகவே மொழிபெயர்ப்பில் "மீதி" என்று மட்டும் விடாமல் "மீதி 300" என்று தொகையோடு எழுதுங்கள். 600-க்கு மேல் போனால் மறுபடி பேசுவது என்று ஒரு வரி வேண்டுமா என்று இருவரையும் கேளுங்கள். அந்த வரியைச் சேர்ப்பது அவர்கள் உரிமை. கேட்டுவைப்பது மொழிபெயர்ப்பவர் கடமை.

ரசீது பற்றியும் சொல்ல வேண்டும். பெற்றோரின் மருத்துவச் செலவுக்கும் பராமரிப்புச் செலவுக்கும் வருமான வரியில் கழிவு உண்டு. 2021 வரி ஆண்டு முதல் அதன் உச்ச வரம்பு 8,000 ரிங்கிட். வரி கட்டுகிற பிள்ளை அதைக் கோர, மருத்துவர் சான்றும் தாம் செலவு செய்ததற்கான ரசீதும் வேண்டும். ஆகையால் "முதலில் கட்டியவர்" யார், "கடைசியில் செலவு ஏற்றவர்" யார் என்ற வேறுபாடு சண்டைக்கு மட்டுமல்ல, ரசீதில் யார் பெயர் இருக்க வேண்டும் என்பதற்கும் பயன்படும்.

கடைசியாக, பெற்றோர் முன்னிலையில் எதைப் படிப்பது என்ற கேள்வி. தம்பி செய்தியின் நடுவே "எனக்கும் கடன் இருக்கிறது, இதற்கு மேல் முடியாது" என்று எழுதியிருந்தால், பேத்தி பாட்டிக்காக அதை மென்மையாக்கிச் சொல்ல விரும்புவாள். அது மனித இயல்பு. ஆனால் அந்த ஒரு வரி விழுந்துவிட்டால், அண்ணன் தம்பியிடம் மேலும் கேட்பார். தம்பி "ஏற்கெனவே சொல்லிவிட்டேனே" என்று கோபப்படுவான். ஆகவே வரி எதையும் குறைக்கக் கூடாது. வேண்டுமானால் இடத்தை மாற்றலாம். பணக் கணக்கைப் பிள்ளைகள் மூவரும் தனியாக முழுதும் கேட்டு முடிவுசெய்யட்டும். முடிவான குறிப்பைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டலாம். தங்கள் பெயரால் என்ன செலவாகிறது, யார் தருகிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டியதுதான். ஆனால் பேரம் நடக்கும்போது, பக்கத்து அறையில் படுத்திருக்கிற முதியவர் ஒவ்வொரு தொகையையும் தம் மீது வைத்த பாரமாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

குறிப்பு முடிந்ததும் அதைத் திருப்பி மலாயில் தம்பிக்குப் படித்துக் காட்டுங்கள். "ஆம், இதைத்தான் சொன்னேன்" என்று அவன் சொன்ன பிறகே மொழிபெயர்ப்பு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பதிலையும் அழிக்காமல் வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது "அப்படிச் சொல்லவில்லையே" என்று கேட்டால், எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.